மலை எங்கப்பா?

போன செமஸ்டர் மினி புராஜெக்ட் ரிவ்யூ. 'மலை, குகை எல்லாம் கம்ப்யூட்டரே தானா உருவாக்கும்'னு அப்ஸ்ட்ராக்ட்ல அளந்து விட்டிருந்தேன். ரன் பட்டனைத் தட்டினா, கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி மொட்டைத் தரை! "மலை எங்கப்பா?" என்றார் சார். பின்னாடி ஒரே சிரிப்பு. பத்து நாள் டைம் கொடுத்தார். அந்தப் பத்து நாளில் தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்த வாரம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் கண்டபடி ஒரு உயரத்தைக் கொடுத்தால் மலை வராது பாஸ், ஆணிப் படுக்கைதான் வரும். நிஜ மலையில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் கிட்டத்தட்ட ஒரே உயரம்தானே! அதற்கு வழி சொன்னவர் கென் பெர்லின். 1982-ல் வந்த 'ட்ரான்' படத்தில் வேலை பார்த்த மனுஷன். கம்ப்யூட்டர் படங்கள் மொழுமொழுவென்று மெஷின்தனமாக இருப்பது பிடிக்காமல், அடுத்த வருஷமே ஒரு நாய்ஸ் கண்டுபிடித்தார். 1997-ல் அதுக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதே கிடைத்தது.

விஷயம் சிம்பிள். கிராஃப் பேப்பரில் கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒரு திசையில் ஒரு அம்பு. உங்கள் புள்ளி ஒரு மூலையிலிருந்து அந்த அம்பின் திசையில் எவ்வளவு தள்ளி இருக்கு என்பது ஒரு எண். நாலு மூலைக்கும் நாலு எண். அவற்றை வழுக்கிக்கொண்டு கலந்தால் நாய்ஸ். இப்போ கவனிங்க... புள்ளி மூலையிலேயே உட்கார்ந்திருந்தால் தூரம் பூஜ்யம். அம்பு எப்படி இருந்தாலும் விடை பூஜ்யம்.

என் தரை மொட்டையானது அதனால்தான். நான் சி-யில் எழுதினது `noise(x/64, z/64)`. இரண்டும் முழு எண் என்பதால் சி தசமத்தை வெட்டிப் போட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் மூலையிலேயே போய் நின்றிருக்கிறேன்! `64.0` என்று மாற்றினதும் மேடு எழுந்தது.

ஆனால் அது ஜமுக்காளத்தை உதறிப் போட்ட மாதிரி மழமழ மேடு. அதன்மேல் 32 கட்ட அகலத்தில் பாதி பலத்தோட இன்னொரு நாய்ஸ், 16-ல் கால், 8-ல் அரைக்கால் என்று அடுக்கினால்தான் பாறை, பள்ளம், சொரசொரப்பு வருது. எல்லாத்துக்கும் ஒரே பலம் கொடுத்துப் பார்த்தேன். மறுபடி ஆணிப் படுக்கை.

குகைதான் நிஜமான தலைவலி. அதுக்கு முப்பரிமாண நாய்ஸ் வேண்டும். இங்கே மூலைகள் எட்டு, மற்றபடி கதை அதேதான். மதிப்பு ஒரு அளவைத் தாண்டினால் பாறையைக் காலி பண்ணு என்று எழுதினேன். 0.6 வைத்தால் ஒரு பொந்துகூட இல்லை, ஏன்னா மதிப்புகள் பெரும்பாலும் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கும். 0 வைத்தால் பாதிப் பாறை காலி, மிச்சம் ஸ்பாஞ்ச். நடுவில் வைத்தால் சோப்பு நுரை மாதிரி தனித்தனிக் குமிழ்கள். உள்ளே போனால் வெளியே வர வழியில்லை!

வழி பூஜ்யத்திலேயே இருந்தது. ஒரு நாய்ஸ் பூஜ்யமாகும் இடங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், காற்றில் தொங்கும் போர்வை மாதிரி ஒரு பரப்பு. இரண்டு போர்வைகள் ஒன்றையொன்று வெட்டினால்? ஒரு கோடு! அதைக் கொஞ்சம் தடிமனாக்கினால் சுரங்கப்பாதை.

```
a = noise(x/40.0, y/20.0, z/40.0);
b = noise(x/40.0 + 100, y/20.0, z/40.0);
if (fabs(a) < 0.07 && fabs(b) < 0.07) block = AIR;
```

0.07-ஐ ஏற்றினால் பாதை அகலும். உயரத்துக்கு மட்டும் 20 வைத்ததால் பாதை கிணறு மாதிரி செங்குத்தாக இறங்காமல் பெரும்பாலும் நடக்கிற மாதிரி கிடக்கும். 2021-ல் வந்த மைன்கிராஃப்ட் 1.18-ல் இந்த ரகத்துக்கு 'ஸ்பகெட்டி' குகை என்றே பேர், குமிழ் ரகத்துக்கு 'சீஸ்'. எல்லாம் சாப்பாட்டு ராமன்கள் போல!

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ரூம்மேட் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, 40 கட்டத்துக்கு ஒரு ஓட்டை கரெக்டா விழுது?" என்றான். உண்மைதான், லைட் கம்பம் நட்ட மாதிரி வரிசையா இருந்தது. மறுபடி அதே மூலை! 100 முழு எண் என்பதால் `a` மூலையில் நிற்கும்போது `b`-யும் மூலையில்தான் நிற்கும். இரண்டும் பூஜ்யம், குகை கட்டாயம். `x`-ல் 100.37, `y`-ல் 0.61, `z`-ல் 0.23 என்று தசமமாகத் தள்ளினதும் வரிசை கலைந்தது.

ரிவ்யூவில் சார் கால் மணி நேரம் குகைக்குள்ளேயே சுற்றினார். ஒரு இடத்தில் முட்டுச்சந்து வந்தது, சமாளித்துவிட்டேன். ஆனால் மலையில் 64 கட்டத்துக்கு ஒருமுறை தரை ஒரே உயரத்துக்கு வந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. அங்கேயும் நாலு அடுக்குக்கும் மூலை ஒண்ணுதான். அதை இன்னும் சரி பண்ணலை... சார் இந்தப் பக்கம் படிக்க மாட்டார்தானே?