பத்தி வரிசைப் பிறழ்ச்சியும் அரபு மொழிபெயர்ப்பும்

தமிழ் நாளிதழ் நறுக்குகளை எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கி, அவ்வுரையை அரபியில் பெயர்க்கும்போது எழும் பிழைகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் மீதே சுமத்தப்படுகின்றன. அவற்றுள் ஒருவகைப் பிழை, மொழிபெயர்ப்புத் தொடங்கும் முன்பே பத்திகளின் வரிசையில் நேர்ந்துவிடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

விளக்கத்திற்காக அமைத்துக்கொண்ட ஒரு மூன்று பத்திச் செய்தியைக் காண்போம். முதற்பத்தி 'பள்ளிச் சுவரை இடிக்கத் தலைமையாசிரியை' என்று முடிகிறது. இரண்டாம் பத்தி 'அனுமதிக்கவில்லை' எனத் தொடங்கி, 'பணியை நிறுத்துமாறு வட்டாட்சியர்' என்று முடிகிறது. மூன்றாம் பத்தி 'உத்தரவிட்டார்' எனத் தொடங்குகிறது. நடுப்பத்தியின் மேல் ஒரு படம் இருப்பதால் அதன் முதல் வரி சற்றுக் கீழே அமைகிறது. மேல்விளிம்பின் உயரத்தைக் கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருள் முதலாவது, மூன்றாவது, இரண்டாவது என்று எடுத்துக்கொள்கிறது. விளைவாக, 'சுவரை இடிக்கத் தலைமையாசிரியை உத்தரவிட்டார்' என்ற தொடர் பிறக்கிறது. இலக்கணம் வழுவாத இத்தொடரின் பொருளோ உண்மைக்கு நேர் எதிரானது.

இப்பிழை அரபியில் மேலும் மறைந்துவிடுகிறது. தமிழில் 'உத்தரவிட்டார்' என்னும் உயர்வுப் பன்மை வினைமுற்று ஆண், பெண் இருவர்க்கும் பொது. அரபியிலோ ஆணுக்கு 'அமர' என்றும் பெண்ணுக்கு 'அமரத்' என்றும் வினை வேறுபடும். வட்டாட்சியர் ஆணாயின் 'அமர' என்று வரவேண்டிய வினை, தவறான எழுவாய்க்கு இயைந்து 'அமரத்' ஆகிறது. மேலும், தமிழில் இறுதியில் நிற்கும் வினை அரபுச் செய்திநடையில் பெரும்பாலும் தொடரின் தலைப்பில் நிற்கும். ஆகவே இரு பத்திகள் தவறாக ஒட்டிய இடம் அரபு வாசகருக்குப் புலப்படுவதில்லை.

எனினும் தமிழ் உரையில் தடயம் எஞ்சுகிறது. பிறழ்ந்த வரிசையில் 'அனுமதிக்கவில்லை' என்பது எழுவாயின்றி நிற்கும். செய்தியின் இறுதி 'வட்டாட்சியர்' என்று பயனிலையின்றி முடியும். எனவே ஒரு சந்திப்பு பொருந்துவதை மட்டும் கண்டு அமையாமல், எல்லாச் சந்திப்புகளையும் செய்தியின் கடைசித் தொடரையும் நறுக்கோடு ஒப்பிடல் வேண்டும். நறுக்கின் அடிப்பகுதியே வெட்டுண்டு போயிருப்பின் கடைசித் தொடரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

பெயர்த்த உரையை மீண்டும் பத்திகளாக அடுக்கும்போதும் கவனம் தேவை. அரபு வாசகர் வலப்பக்கப் பத்தியிலிருந்தே தொடங்குவார். மூலத்தின் இடத்திலேயே ஒவ்வொரு பத்தியையும் வைத்தால், செய்தியின் முடிவே அவருக்குத் தொடக்கமாகும்.

ஆதலின் உரையாக்குவோர் நறுக்கின் பத்திகளுக்கு எண்ணிட்டு, உரையிலும் பத்தி முறியும் இடங்களைக் குறித்து, நறுக்கின் படத்துடன் மொழிபெயர்ப்பாளரிடம் அளித்தல் வேண்டும். படமின்றி உரையை மட்டும் பெறுபவரைப் பிழைக்குப் பொறுப்பாக்குதல் முறையன்று.