'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்றால் எந்த நடவடிக்கை?

மதிப்பெண் குறைந்த மாணவருக்கு உயர்கல்வி நிறுவனங்கள் அனுப்பும் 'அகாடமிக் புரொபேஷன்' கடிதம் பெரும்பாலும் மூன்று வரிகளில் முடிந்துவிடும். தங்கள் கல்வி முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை. எனவே தாங்கள் புரொபேஷனில் வைக்கப்படுகிறீர்கள். முன்னேற்றம் காட்டத் தவறினால் விதிகளின்படி உரிய நடவடிக்கை எடுக்கப்படும். கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. எவ்வளவு முன்னேற்றம், எந்தத் தேதிக்குள், எந்த விதி, என்ன நடவடிக்கை என்று ஒன்றும் இருக்காது.

விழுப்புரத்தை அடுத்த காணையில் ஒரு வீட்டுக்கு இந்தக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் வெளிமாநிலத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். 'புரொபேஷன்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தங்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, அரசு வேலையில் சேர்ந்தவருக்கான தகுதிகாண் பருவம். இன்னொன்று, சிறார் நீதிமன்றத்தோடு தொடர்புடைய நன்னடத்தை அலுவலர். முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் கவலைப்பட ஏதுமில்லை. இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் மகள் ஏதோ குற்றம் செய்துவிட்டாள். நிறுவனம் சொல்ல வருவது இரண்டையும் அல்ல.

அந்த மாணவிக்கும் இதில் ஒரு குழி இருக்கிறது. இங்கே கல்லூரி என்றால் 'அரியர்' என்ற முறையைத்தான் பார்த்து வளர்கிறோம். ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த ஆண்டுக்குப் போய்க்கொண்டே அந்தப் பேப்பரை எழுதிக்கொள்ளலாம். திண்டிவனத்தில் படிக்கும் அண்ணனுக்கு நான்கு அரியர் இருந்தும் அவன் பட்டம் வாங்கிவிட்டான். ஆனால் சி.ஜி.பி.ஏ. என்னும் மொத்தச் சராசரிக்கு அடிவரம்பு வைத்திருக்கும் நிறுவனங்களில் நிலைமை வேறு. பேப்பர்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கும்போதே சராசரி வரம்புக்குக் கீழே இருந்தால் வெளியேற்றப்படலாம். 2015 ஜூலையில் ஐஐடி ரூர்க்கி, சி.ஜி.பி.ஏ. 5-க்குக் குறைந்தது என்று 70-க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களை வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் என்று அப்போது செய்திகள் வந்தன. உத்தரகண்ட் உயர்நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, நிறுவனமே இறங்கிவந்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. அந்த வாய்ப்பு விதிப்படி முன்பே இருந்திருந்தால் மாணவர்களுக்கு முதலிலேயே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்றால், வெளியேற்றம் எவ்வளவு தூரம் விதி, எவ்வளவு தூரம் விருப்பம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தெளிவில்லாத விதி எல்லோரையும் ஒரே மாதிரி குழப்பும் என்பது பொய். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று வரிகளே போதும். மாமாவோ, மூத்த மாணவரோ, துறையில் தெரிந்தவரோ மீதியைச் சொல்லிவிடுவார்கள். 'டீனைப் போய்ப் பார், ஒரு மருத்துவச் சான்று வை, அந்தப் பாடத்தைக் கோடையில் எழுது.' கடிதத்தில் இல்லாத வரிகள் சாதி வலைப்பின்னல் வழியே போய்ச் சேருகின்றன. அந்த வலைப்பின்னலுக்கு வெளியே இருப்பவருக்கு மிஞ்சுவது 'உரிய நடவடிக்கை' என்ற மிரட்டல் மட்டும்.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இதை எழுத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். சேலம் மாவட்டத்தில், பன்றி வளர்ப்பை வாழ்வாதாரமாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்தில் பிறந்த செந்தில்குமார் அங்கே இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். பாடநெறித் தேர்வில் தேர்ச்சிச் சிக்கல், உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற நிலை, நெறியாளர் ஒதுக்கப்படாதது என்று எல்லாம் சேர்ந்தன. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். அதன்பின் பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் அமைந்த குழு, பாடநெறிக்கும் நெறியாளர் ஒதுக்கீட்டுக்குமான நடைமுறைகளில் முரண்களும் தெளிவின்மையும் இருந்ததைச் சுட்டியது. துறை தங்களுக்கு எதிராகச் செயல்படுகிறது என்ற உணர்வு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் இருந்ததையும் அது பதிவு செய்தது. முறையான ஒரு கடிதம் மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'தெளிவின்மை' என்ற சொல் நிர்வாகக் குறைபாடாக மட்டும் படிக்கப்பட்டு ஒரு கோப்புக்குள் போய்விட்டது. அது பாகுபாடு நடக்கும் வழி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, தெளிவான கடிதம் என்றால் என்ன? காணை மாணவியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் பருவத்தில் 20 கிரெடிட், சராசரி 5.2. இரண்டாம் பருவத்தில் 20 கிரெடிட், சராசரி 3.8. கிரெடிட்டையும் சராசரியையும் பெருக்கினால் 104-ம் 76-ம் ஆக 180 புள்ளி. 40 கிரெடிட்டுக்கு வகுத்தால் மொத்தச் சராசரி 4.5. வரம்பு 5.0. கடிதம் 'அடுத்த பருவ முடிவில் 5.0-க்கு உயர்த்த வேண்டும்' என்று சொல்கிறது.

இதைப் படிக்கும் யாரும் அடுத்த பருவத்தில் 5 எடுத்தால் போதும் என்றுதான் நினைப்பார்கள். போதாது. இன்னொரு 20 கிரெடிட்டில் சரியாக 5 எடுத்தால் 100 புள்ளி சேர்ந்து 280 ஆகும். 60-ஆல் வகுத்தால் 4.67. அவள் சொன்னபடி செய்தும் தோற்கிறாள். 60 கிரெடிட்டுக்கு 300 புள்ளி வேண்டும், ஆகவே அடுத்த பருவச் சராசரி 6.0 இருக்க வேண்டும். கடிதத்தில் இருக்க வேண்டிய எண் இந்த 6.0-தான். அலுவலகக் கணினிக்கு அது ஒரு நொடி வேலை.

அடுத்து வருவது கருணையாகத் தெரியும் ஒரு பொறி. புரொபேஷனில் இருப்பவர் குறைந்த பாடங்களை எடுக்கட்டும் என்று சில இடங்களில் சுமையைக் குறைக்கிறார்கள். 15 கிரெடிட் மட்டும் எடுத்தால் மொத்தம் 55, தேவை 275 புள்ளி, இன்னும் வேண்டியது 95. அதற்குப் பருவச் சராசரி 6.33 வேண்டும். சுமை குறையக் குறைய ஏற வேண்டிய உயரம் கூடுகிறது. சுமையைக் குறைப்பதே தவறு என்று வாதிடவில்லை. இந்த விலையைச் சொல்லாமல் குறைப்பது தவறு.

எளிய வழி வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் அவள் 4 கிரெடிட் கணிதத்தில் தோற்று அதற்குப் பூஜ்யம் விழுந்திருக்கிறது. திரும்ப எழுதினால் பழைய பூஜ்யம் நீக்கப்பட்டுப் புதிய மதிப்பு ஏறும் என்பது அந்த நிறுவனத்தின் விதி என்றால், அதில் 5 எடுத்தாலே 20 புள்ளி கூடி, 40 கிரெடிட்டுக்கு 200 ஆகிவிடும். அதாவது 5.0. அவளை வரம்புக்குக் கீழே தள்ளியது அந்த ஒரு பாடம்தான். ஆனால் அது இரட்டைப்படைப் பருவத்தில் மட்டும் நடத்தப்படுகிறது. ஜூலையில் தொடங்கும் மூன்றாம் பருவத்தில் அதைப் பதிவு செய்யவே முடியாது. ஒரு பருவக் கெடு கொடுத்துவிட்டு, கெடுவுக்குள் நடத்தப்படாத பாடத்தில் தேறச் சொல்வது எவ்வகை நியாயம்? துணைத் தேர்வு நடத்த வேண்டும், அல்லது கெடுவை நான்காம் பருவம் வரை நீட்ட வேண்டும். கடிதம் எழுதுபவர் இந்தக் கணக்கைப் போட்டால் விதியின் ஓட்டையும் அவர் கண்ணில் படும்.

ஆகவே கடிதம் இப்படி இருக்கலாம்:

"இரண்டாம் பருவ முடிவில் உங்கள் சி.ஜி.பி.ஏ. 4.5. விதிப்படி 5.0 வேண்டும். எனவே நான்காம் பருவ முடிவு வரை உங்கள் படிப்பு தனிக் கவனிப்பில் இருக்கும். இது தண்டனை அல்ல, ஒழுங்கு நடவடிக்கையும் அல்ல. உங்கள் சேர்க்கையும் விடுதி இடமும் தொடர்கின்றன. கணிதப் பாடம் ஜனவரியில் மீண்டும் நடத்தப்படும். அதில் 5 எடுத்து, இரண்டு பருவங்களின் புதிய 36 கிரெடிட்டிலும் சராசரி 5 பெற்றால் மொத்தச் சராசரி 5.0 ஆகும். பாடங்களைத் தேர்வு செய்ய, ஜூலை 21-க்குள் துறை ஆலோசகரைச் சந்தியுங்கள். அவர் பெயர், அறை எண், நேரம் கீழே. நான்காம் பருவ முடிவிலும் 5.0 வரவில்லை என்றால் வெளியேற்றம் பற்றிக் கல்விக்குழு முடிவெடுக்கும். முடிவுக்கு முன் உங்கள் தரப்பை எழுத்திலும் நேரிலும் சொல்லலாம். இந்தக் கணக்கில் பிழை இருந்தாலோ, உடல்நலம், குடும்பம், பாகுபாடு போன்ற காரணங்கள் இருந்தாலோ மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதலாம்."

'விடுதி இடம் தொடர்கிறது' என்ற வரியை அலுவலகங்கள் தேவையற்றது என்று நினைக்கும். காணையில் அதுதான் முதல் கேள்வி. அதற்கு அடுத்த கேள்வி உதவித்தொகை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அடுத்த ஆண்டுக்கு மாணவி உயர்த்தப்பட்டாளா என்பதுதான் அங்கே பார்க்கப்படுகிறது. புரொபேஷனில் இருப்பவர் அடுத்த ஆண்டுக்கு உயர்த்தப்பட்டவராகக் கருதப்படுவாரா என்பதை நிறுவனம்தான் சொல்ல முடியும். சொல்லாவிட்டால் பணம் நிற்கும் என்ற பயத்திலேயே படிப்பை விட்டு வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் 'இடைநின்றவர்' கணக்கில் சேர்வார்கள், வெளியேற்றப்பட்டவர் கணக்கில் அல்ல.

கடிதம் தமிழிலும் வர வேண்டும், அல்லது மாணவரின் மொழி எதுவோ அதில். ஆங்கிலப் பிரதி சட்டத்துக்கு இருக்கட்டும். கெடுவை நிறுவனத்தின் மின்னஞ்சல் போன நாளிலிருந்து எண்ணாமல், மாணவர் கையெழுத்திட்டு வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கூடாது. பெயரும் பதிவெண்ணும் தெரிந்தால் யார் எந்த ஒதுக்கீட்டில் வந்தார் என்று கண்டுபிடிக்க வகுப்பறைகளுக்கு நேரம் ஆகாது.

'இவ்வளவு எழுதினால் நாளைக்கு வழக்கு போடுவார்கள்' என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். நிலைமை தலைகீழ். காரணமும் அளவும் சொல்லாத உத்தரவுதான் இயற்கை நீதிக்கு முரண் என்று நீதிமன்றத்தில் தாக்கப்படுகிறது. முனைவர் பட்டத்துக்கு இந்த வரிசை ஏற்கெனவே விதியாகவே இருக்கிறது. யுஜிசியின் 2022 ஒழுங்குமுறைப்படி, ஆய்வு முன்னேற்றம் திருப்தியில்லை என்றால் ஆய்வு ஆலோசனைக் குழு காரணங்களைப் பதிவு செய்து, சரிசெய்யும் வழிகளைச் சொல்ல வேண்டும். அவற்றைச் செய்யத் தவறினால்தான் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம், அதுவும் குறிப்பான காரணங்களோடு. ஆய்வாளருக்கு உரியது இளங்கலை மாணவிக்கு ஏன் உரியதல்ல?

மூன்று வரிக் கடிதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால், பதிலை எழுத்தில் கேளுங்கள்: எந்த விதி எண், அடுத்த பருவத்தில் எனக்குத் தேவையான சராசரி எவ்வளவு, தோற்ற பாடம் எப்போது நடத்தப்படும், பழைய மதிப்பு நீக்கப்படுமா, உதவித்தொகை தொடருமா. பதில் வராவிட்டால், யுஜிசியின் கீழ் வரும் பல்கலைக்கழகங்களில் 2023 ஒழுங்குமுறைப்படி மாணவர் குறைதீர் குழுவுக்குப் போகலாம். புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் மேல்முறையீடு செய்யலாம். குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட பிரிவைச் சேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும். ஐஐடிகள் யுஜிசியின் கீழ் வராதவை. அங்கே முறையீடு செனட்டுக்குத்தான் போகும், அதன் தேதியையும் சேர்த்தே கேளுங்கள்.