புயலுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்

பூச்சிமருந்து கம்பெனிகளில் ஏப்ரல் வந்தால் எல்லாரும் ஒரே எண்ணைத்தான் பார்ப்பார்கள்: டார்கெட்டில் எத்தனை சதவீதம்? நூறைத் தாண்டியவன் கெட்டிக்காரன், எழுபதைத் தொடாதவன் சோம்பேறி. ஏரியா மேனேஜராக அந்தக் கூட்டங்களில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். அந்த எண் ஆளை அளப்பதில்லை, அவன் நிற்கும் மண்ணையும் அந்த வருஷத்து வானத்தையும்தான் அளக்கிறது என்பது என் கட்சி.

2018-19ஐ எடுத்துக்கொள்வோம். என்னிடம் பெரம்பலூரில் ஒருவர், பட்டுக்கோட்டையில் ஒருவர். பெரம்பலூர்க்காரர் முந்தைய வருஷம் 95 லட்சம் விற்றிருந்தார். அதோடு இருபது சதவீதம் கூட்டி 1 கோடியே 14 லட்சம் டார்கெட். முடித்தது 1 கோடியே 52 லட்சம், அதாவது 133 சதவீதம். அவருக்கு பாங்காக் டூர். பட்டுக்கோட்டைக்காரரின் டார்கெட் 1 கோடியே 44 லட்சம், முடித்தது 88 லட்சம். 61 சதவீதம். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம்.

அந்த வருஷம் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. இந்தியாவுக்கே புதிய புழு. விவசாயி அதுவரை பார்த்ததில்லை. எமாமெக்டின் கேட்டுக் கடைக்கு ஓடினார்கள். நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரத்துக்கு யார் மருந்து வாங்குவார்கள்?

இதைக் கூட்டத்தில் சொன்னேன். மேலாளர் கேட்டார்: "புயல் அடிச்சா மத்த கம்பெனிக்காரன் விக்கலையா சார்?" நல்ல கேள்விதான். ஆனால் அதைத் தோற்றவனிடம் மட்டும் கேட்டார். ஜெயித்தவனிடம், "புழு வந்தப்போ பக்கத்து ஏரியாக்காரன் எவ்வளவு வித்தான்?" என்று கேட்கவில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். முதலில் எல்லாருடைய கணக்கிலிருந்தும் சேல்ஸ் ரிட்டர்னைக் கழித்தேன். கம்பெனி பில் போட்டு டீலர் குடோனில் இறக்கினால் அது விற்பனை ஆகிவிடாது. மார்ச்சில் திணித்த சரக்கு ஜூலையில் திரும்பி வரும். நான் மேலே சொன்ன எண்கள் அப்படிக் கழித்தவை. பெரம்பலூர்க்காரரின் வளர்ச்சி அறுபது சதவீதம். எங்கள் கம்பெனியிலேயே மக்காச்சோளம் அதிகமுள்ள மற்ற ஏரியாக்களின் சராசரி வளர்ச்சி ஐம்பத்தைந்து. ஆக, புழு விற்றது ஐம்பத்தைந்து, அவர் விற்றது ஐந்து.

பட்டுக்கோட்டையை முழு வருஷமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்று வெட்டிப் பார்த்தேன். நவம்பர் பாதி வரை முந்தைய வருஷம் 70 லட்சம், இந்த வருஷம் 77. பத்து சதவீதம் ஏற்றம். புயலுக்குப் பின் 50 லட்சம் வர வேண்டிய இடத்தில் வெறும் 11. அந்தப் பத்தையும் முழுசாக அவர் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. 2017இல் மேட்டூரை அக்டோபர் 2ஆம் தேதிதான் திறந்தார்கள், 2018இல் ஜூலை 19ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தண்ணீர் முன்னால் வந்தால் மருந்தும் முன்னால் போகும். அதே மாதங்களில் பக்கத்து டெல்டா ஏரியாக்கள் நாலு சதவீதம் ஏறியிருந்தன. மிச்சம் ஆறு.

ஒருவர் ஐந்து, ஒருவர் ஆறு. இந்த ஒரு புள்ளி வித்தியாசத்தை வைத்து யார் பெரியவர் என்று சொல்ல நான் தயாரில்லை. ஒரு பெரிய டீலர் மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் கடையைச் சாத்தினாலே அது புரண்டுவிடும். இரண்டு பேருக்கும் ஒரே இன்க்ரிமென்ட் என்று எழுதிக் கொடுத்தேன். "பெல் கர்வ்ல உட்காராது" என்று திருப்பி அனுப்பினார்கள்.

புயலுக்குப் பின் ஆளைப் பார்க்க விற்பனையில் ஒன்றும் இல்லை, வசூலில் இருக்கிறது. கூரை பறந்த கடைகளில் நின்று, தவணை பேசி, மார்ச்சுக்குள் நிலுவையில் பாதிக்குமேல் கொண்டுவந்தார் பட்டுக்கோட்டைக்காரர். ஒரு டீலர்கூட எங்கள் கம்பெனியை விட்டுப் போகவில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது.

இப்படிக் கழிக்க ஆரம்பித்தால் ஆளாளுக்கு ஒரு புயலைக் கொண்டுவருவான் என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அதனால்தான் அளவுகோலை வருஷத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன்: எந்த ஏரியாவை எந்த ஏரியாவோடு ஒப்பிடுவது, சாகுபடிப் பரப்பு குறைந்தால் டார்கெட் எவ்வளவு குறையும், கூடினால் எவ்வளவு கூடும். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் பயிர்ப் பரப்புக் கணக்கு இருக்கிறது. போய்க் கேட்டால் கிடைக்கும். தோற்றவனுக்குக் கூட்டுகிற அதே கையால் ஜெயித்தவனுக்குக் கழிக்க வேண்டும். நிர்வாகத்துக்குக் கசப்பது இந்த இரண்டாவது பாதிதான். நட்சத்திர விற்பனையாளர்களை மேடையேற்றிக் கைதட்டியது அவர்கள் அல்லவா?

அடுத்த வருஷம் பெரம்பலூர்க்காரருக்கு டார்கெட் 1 கோடியே 82 லட்சம். புழுவோடு சேர்த்து இருபது சதவீதம் கூட்டியிருந்தார்கள். விவசாயிகள் விதைநேர்த்தி பழகிவிட்டார்கள், பாதிப்பும் குறைந்தது. அவர் முடித்தது 1 கோடியே 21 லட்சம். புழுவுக்கு முந்தைய 95 லட்சத்தைவிட நல்ல ஏற்றம்தான். 66 சதவீதம் என்று எழுதிக் கடிதம் கொடுத்தார்கள். அதோடு என்னிடம் வந்து கேட்டார்: "போன வருஷம் மேடையில ஏத்துனப்பவே சொல்லியிருக்கலாமே சார், அது நான் இல்லைன்னு?"