எழுத்தைச் சுருக்காதீர்கள், சொல்லைச் சுருக்குங்கள்

எங்கள் கனமூலையில் இப்பொழுது ஓர் அறிவித்தல் மதிலில் ஒட்டப்படுவதை விட வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுவதே அதிகம். பள்ளிவாசல் அறிவித்தல், ஜனாஸா அறிவித்தல், பாடசாலைக் கூட்டம், கிளினிக் நாள், மின்வெட்டு நேரம் எல்லாமே ஒரு படமாகத்தான் கைக்கு வருகின்றன. அந்தப் படங்களைச் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற மாணவ மாணவியர்தான். படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கும் நாம், கைபேசியில் அதை வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பது குறைவு. வாசிக்க முடியாதபோது "இந்த எழுத்துரு சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். எழுத்துருவுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு படத்துக்குள் அடங்காத அளவு சொற்களை அடக்கப் பார்ப்பதுதான் முதற்காரணம் என்பது என் கருத்து.

ஒரு சின்னக் கணக்கில் இது விளங்கும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இன்று பலரிடம் இருக்கும் 6.5 அங்குலக் கைபேசியின் திரை அகலமோ சுமார் 68 மில்லிமீட்டர்தான். ஆகவே கணினியில் ஏ4 அளவில் செய்த அறிவித்தல் கைபேசிக்கு வந்ததும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தாளில் 14 என்ற அளவில் இருந்த எழுத்து, திரையில் நாலரை அளவு எழுத்தாகிவிடுகிறது. அந்த அளவில் யாரும் புத்தகம் அச்சிடுவதில்லை.

இதனால் படத்தைத் தாள் அளவில் தொடங்காமல் கைபேசி அளவிலேயே தொடங்க வேண்டும். 1080 பிக்சல் அகலமான படம் 68 மில்லிமீட்டர் திரையை நிரப்பும்போது, ஏறத்தாழ 16 பிக்சல் ஒரு மில்லிமீட்டருக்குச் சமமாகும். என் பாடநூல் ஒன்றில் 'ப' என்ற எழுத்தின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன். சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தது. அதே தெளிவு கைபேசியிலும் வேண்டுமென்றால், படத்தில் 'ப' 32 பிக்சல் உயரமாவது இருக்க வேண்டும்.

இங்கே நான் சொல்வது 'ப'வின் உயரத்தை. செயலியில் நாம் தெரிவு செய்யும் எண் அதுவல்ல. அந்த எண், மேலே வரும் புள்ளிக்கும் கீழே இறங்கும் வளைவுக்கும் இடம் விட்ட ஒரு பெட்டியின் அளவு. அந்தப் பெட்டிக்குள் எழுத்து எவ்வளவு பெரிதாக நிற்கும் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும். இரண்டு எழுத்துருக்களுக்கும் 40 என்றே கொடுத்தாலும் ஒன்றில் 'ப' பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் வரலாம். ஆகவே எண்ணை நம்பாமல் எழுத்தையே அளக்க வேண்டும்.

எழுத்துச் சிறுத்தால் தமிழில் முதலில் காணாமற் போவது புள்ளிதான். புள்ளி என்பது பல எழுத்துருக்களில் எழுத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கிறது. 'ப' 12 பிக்சலாக இருந்தால் புள்ளிக்குக் கிடைப்பது 2 பிக்சல். வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது அதைச் சுருக்கி அனுப்புவதால் அந்த 2 பிக்சலும் பின்னணி நிறத்தோடு கலந்துவிடும். அடுத்துப் போவது சுழிகள். 'மின்' என்பதற்கும் 'மீன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு விசிறியின் முனையில் உள்ள ஒரு சின்னச் சுழி மட்டுமே. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வேறுபாடு ஒரு சுழி. 'எரி'யையும் 'ஏரி'யையும் பிரிப்பது ஒரே ஒரு கோடு.

நம் முன்னோருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் அவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகர ஏகாரங்களைத் தெளிவாக வேறுபடுத்தி எழுதும் இன்றைய முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்பர். ஓலையை வாசித்தவர்கள் படித்த புலவர்கள். அவர்கள் இடம் பார்த்துப் பொருள் அறிந்துகொண்டார்கள். கைபேசியில் வரும் அறிவித்தலை வாசிப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. "மருந்து உண்ண வேண்டும்" என்பதும் "மருந்து உண்ண வேண்டாம்" என்பதும் ஓர் எழுத்தில்தான் மாறுகின்றன. அந்த இடத்தில் ஊகித்து வாசித்தால் உடம்புக்குத்தான் கேடு.

இனி எழுத்துருவைப் பார்ப்போம். விவரங்களை எழுதுவதற்குக் கோடுகள் ஒரே தடிப்பில் இருக்கின்ற, சுழிகளின் உள்ளே வெளி நன்றாகத் தெரிகின்ற எழுத்துரு வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் Noto Sans Tamil, Mukta Malar, Hind Madurai ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றில் Regular அல்லது Medium தடிப்பே சிறிய எழுத்துக்குப் பொருத்தம். தடித்தால் தெளிவு கூடும் என்று நினைத்து Bold தெரிவு செய்தால், 'ண', 'ஹ', 'ஜ' போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைபட்டுக் கறுப்புக் கட்டிகளாகிவிடும். நமது அறிவித்தல்களில் ஜும்ஆ, ஹஜ், ஜனாஸா போன்ற சொற்கள் அடிக்கடி வருவதால் இதை நாம் இன்னும் கவனிக்க வேண்டும். Bold தலைப்புக்கு இருக்கட்டும்.

கையெழுத்துப் போன்ற எழுத்துருக்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய Kavivanar அழகாகச் சாய்ந்து நிற்கும் எழுத்துரு. ஒரு கவிதைத் தலைப்புக்கோ வாழ்த்து மடலுக்கோ அது மிகவும் பொருந்தும். அதே எழுத்தில் நேரத்தையும் இடத்தையும் பொடியாக எழுதினால், குறை நம்முடையதே அன்றி எழுத்துருவினுடையதல்ல.

மாணவர்கள் பலர் ஆயத்த வடிவங்களில் ஆங்கிலச் சொற்களை அழித்துவிட்டுத் தமிழை இட்டுச் செய்கிறார்கள். அங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். தமிழில் அப்படி வைத்தால் 'கொ' என்ற ஓர் எழுத்தே மூன்று துண்டாகப் பிரிந்துவிடும். அந்த இடைவெளியைப் பூச்சியமாக்கிவிட வேண்டும். மற்றது வரிகளுக்கு இடையிலான இடைவெளி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் இறங்குவதில்லை. தமிழில் மேல்வரியின் 'மூ' கீழே இறங்க, கீழ்வரியின் 'கீ' மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிக்கு 'ப'வின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு விட்டால் முட்டாது.

இந்த அளவுகளை வைத்து ஒரு படம் செய்து பார்ப்போம். இரத்தப் பரிசோதனை முகாம் ஒன்றுக்கு அறிவித்தல் எழுதித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது வழக்கமாக இப்படித் தொடங்கும்: "எமது கிராமத்தின் நலன் கருதி ஏற்பாடு செய்யப்பட்டுள்ள இலவச இரத்தப் பரிசோதனை முகாமில் கலந்து பயன்பெறுமாறு அனைவரும் அன்புடன் அழைக்கப்படுகின்றீர்கள்." இதில் 15 சொற்கள் உள்ளன. வாசிப்பவருக்கு வேண்டியவை அவற்றில் மூன்று மட்டுமே. இதன் பின் தலைமை வகிப்பவர், விசேட அதிதிகள், அனுசரணையாளர்கள் ஆகியோரின் பட்டியல் வரும். "முந்திய இரவு சாப்பிடக் கூடாது" என்ற முக்கியமான செய்தி எல்லாவற்றுக்கும் கீழே, இருக்கின்ற இடத்தில் மிகப் பொடியாக வரும்.

படத்தை 1080 அகலம், 1350 உயரம் என்று எடுத்து, நான்கு பக்கமும் 60 பிக்சல் ஓரம் விடுவோம். தலைப்பில் 'ப' 64 பிக்சல், அதாவது 4 மில்லிமீட்டர். விவரங்களில் 40 பிக்சல், அதாவது இரண்டரை மில்லிமீட்டர். அப்போது இவ்வளவு எழுதலாம்:

இலவச
இரத்தப் பரிசோதனை

சனிக்கிழமை
காலை 7 முதல் 10 வரை
பாடசாலை மண்டபம்
முந்திய இரவு 10 மணிக்குப் பின்
உண்ண வேண்டாம்
தண்ணீர் குடிக்கலாம்
மருந்துத் துண்டு கொண்டு வரவும்
தொலைபேசி இலக்கம்

தலைப்பின் இரண்டு வரிக்கு 320 பிக்சல், விவரங்களின் எட்டு வரிக்கு 800 பிக்சல், மேலும் கீழும் ஓரத்துக்கு 120 பிக்சல். மொத்தம் 1240. மீதமுள்ள 110 பிக்சலைத் தலைப்புக்கும் விவரங்களுக்கும் நடுவில் விட்டுவிடலாம். 32 பிக்சலுக்குக் கீழே இறங்கத் தேவையே வரவில்லை. சொற்களைக் குறைத்ததால் எழுத்தைப் பெரிதாக்கவும் இடம் கிடைத்தது. அதிதிகளின் பெயர்களை இரண்டாவது படத்தில் போடலாம். அவர்களுக்கும் அங்கே தெளிவான எழுத்துக் கிடைக்கும்.

"வேண்டுமானால் விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். படம் சுருங்கும்போது அழிந்துபோன புள்ளியைப் பெரிதாக்குவதால் மீட்க முடியாது. மங்கல்தான் பெரிதாகும். பெரிதாக்கினால் திரையில் பாதி வரிதான் நிற்கும். மீதியைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். எங்கள் உம்மும்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மகள், இதுல என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் தருவார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியும். படத்தைச் செய்தவர்தான் அவரை வாசிக்க விடவில்லை.

கடற்கரை வெயிலில் நின்று பார்ப்பவரையும் நினைக்க வேண்டும். வீட்டுக்குள் அழகாகத் தெரியும் பச்சைப் பின்னணியில் பொன்னிற எழுத்து, வெயிலில் பின்னணியோடு ஒன்றாகிவிடும். வெள்ளையில் கறுப்பு, அல்லது கடும் நீலத்தில் வெள்ளை போதும். புகைப்படம் வேண்டுமானால் எழுத்துக்குப் பின்னால் வைக்காமல் மேலே தனியாக வைக்கலாம்.

படத்தோடு அதே விவரங்களை எழுத்தாகவும் அனுப்ப வேண்டும் என்பது என் அடுத்த வேண்டுகோள். எழுத்தாக இருந்தால் ஒவ்வொருவரும் தமது கைபேசியில் வைத்திருக்கும் அளவிலேயே அது தெரியும். பார்வையற்றோருக்குக் கைபேசி அதை வாசித்தும் காட்டும். அதை யுனிகோட்டில் தட்டச்சுச் செய்ய வேண்டும். பாமினியில் செய்த கோப்பிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் 'அம்மா' என்பது mk;kh என்று போய்ச் சேரும்.

படம் முடிந்ததும் குழுவுக்கு அனுப்புமுன், அதை வாட்ஸ்அப்பில் வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். செய்த கைபேசியில் இருப்பது சுருங்காத படம். அனுப்பியபின் வந்து சேர்வதே உண்மையான படம். அதைக் கையை நீட்டிப் பிடித்து, பெரிதாக்காமல், புள்ளிகளை மட்டும் தேடிப் பாருங்கள். ஒரு புள்ளியாவது தெரியவில்லையென்றால் இன்னும் ஒரு வரியை வெட்டுங்கள். பெற்றோரிடமும் ஏற்பாட்டாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அறிவித்தலை எங்களிடம் தரும்போது, "எல்லாத்தையும் போட்டுடுங்க" என்று சொல்லாமல், எதை விடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தாருங்கள்.