நாக்குக்குக் கைப்பிடி தாடை

சேலம்–நாமக்கல் சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் தூங்குவது அன்றாடக் காட்சி. கேபினுக்குள்ளிருந்து குறட்டை கேட்டால் யாரும் பதறுவதில்லை. நம் ஊர்ப்பக்கம் அவசர சிகிச்சையில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் குறட்டைதான் சிக்கல்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆண்டகளூர் கேட் பக்கம் நிற்கும் லாரி. ஓட்டுநருக்கு ஐம்பது வயது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டவர். குறட்டை விட்டபடி மல்லாந்து கிடக்கிறார், சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது, தட்டினாலும் உலுக்கினாலும் அசைவில்லை. கிளீனர் பரிவோடு துண்டை நாலாக மடித்துத் தலைக்கு அண்டக் கொடுத்திருக்கிறார். 108 வந்ததும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுகிறார்கள்: 82. ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் 84-ஐத் தாண்டவில்லை. ஒருவர் குளுக்கோமீட்டரை எடுக்கிறார், இன்னொருவர் நரம்பு தேடுகிறார். தலை மட்டும் துண்டின் மேலேயே இருக்கிறது, மோவாய் நெஞ்சைத் தொட்டபடி.

செய்ததெல்லாம் தேவையானதுதான். வரிசைதான் தப்பு. அடைத்த குழாயின் வாயில் எத்தனை லிட்டர் ஆக்சிஜனைத் திறந்துவிட்டு என்ன பயன்?

நாக்கின் பெரும்பகுதி ஜீனியோகிளாசஸ் என்னும் தசை. அது கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், மோவாய்க்கு நேர் பின்னால் வேர் விட்டிருக்கிறது. விழித்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சை உள்ளிழுப்பதற்கும் சற்று முன்னால் இந்தத் தசை இறுகி நாக்கை முன்னே பிடித்துக்கொள்கிறது. நினைவு தப்பினால் அந்தப் பிடி தளர்கிறது. மல்லாந்து கிடப்பவரின் நாக்கு தன் எடையிலேயே தொண்டையின் பின்சுவரை நோக்கிச் சரிகிறது. உள்ளிழுக்கும் மூச்சின் உறிஞ்சலும் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. நாக்கு மட்டுமே குற்றவாளி என்று நாம் பாடம் எடுப்பது பாதி உண்மை. மெல்லண்ணமும் குரல்வளை மூடியும் சேர்ந்தே அடைக்கின்றன.

‘நாக்கை விழுங்கிவிடுவார்’ என்று வலிப்பு வந்தவரின் வாயில் கரண்டி திணிக்கிறார்களே, அந்தப் பயம் இங்கே பிறந்ததுதான். நாக்கு எங்கும் போய்விடாது, பின்னால் சாய்கிறது, அவ்வளவே. அதை முன்னே கொண்டுவர வாய்க்குள் கைவிட வேண்டியதில்லை. கைப்பிடி வெளியே இருக்கிறது. மோவாயை உயர்த்தினால் தாடையோடு நாக்கின் வேரும் வருகிறது. தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்தின் முன்புறம் விறைத்து நாவடி எலும்பு முன்னே இழுபடுகிறது. அதோடு பிணைந்த குரல்வளை மூடியும் எழும்புகிறது. 1950-களில் பால்டிமோரில் பீட்டர் சஃபார் இதைச் சோதித்தார். மயக்கமும் தசைத் தளர்வும் கொடுக்கப்பட்ட தன்னார்வலர்களிடம் அவர் கண்டது, தலை சாயாதவரை முதுகை அழுத்திக் கையைத் தூக்கும் பழைய முறைகளில் போதுமான காற்று உள்ளே போகவில்லை என்பதுதான்.

லாரிக்குத் திரும்புவோம். துண்டை உருவுங்கள். ஒரு கை நெற்றியில், மறு கையின் இரண்டு விரல் மோவாய் எலும்பின் அடியில். எலும்பில் மட்டும், அதற்குப் பின்னாலுள்ள மெத்தென்ற சதையில் அழுத்தினால் நாமே நாக்கை மேலே தள்ளி அடைக்கிறோம். வாய் முழுக்க மூடிவிடவும் கூடாது, மூக்கடைப்பு உள்ளவருக்கு அதுவே இன்னொரு அடைப்பு. சரியாக அமைந்தால் குறட்டை அறுந்து, கன்னத்தில் காற்றுப் படும். ஆக்சிமீட்டர் ஏறத் தொடங்கும். அது சற்றுத் தாமதமாகவே காட்டும், காத்திருங்கள்.

குறட்டை நின்றதும் நிம்மதியடைய வேண்டாம், காற்றைத் தேடுங்கள். குறட்டை என்றால் கொஞ்சமாவது காற்று போகிறது. சத்தமே இல்லாமல் நெஞ்சு உள்ளே குழிந்து வயிறு மேலே எழும்பினால் அது முழு அடைப்பு. இந்த நிலையில் நெஞ்சு ஆடுவதைப் பார்த்து ‘மூச்சு இருக்கிறது’ என்று எழுதிய கேஸ் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

விபத்தில் கழுத்தெலும்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்காமல் தாடைக் கோணங்களை இருபுறமும் முன்னே தள்ளுவதே முதல் வழி. அதில் திறக்காவிட்டால் கொஞ்சமாகச் சாய்க்கத்தான் வேண்டும். கழுத்துக்குப் பயந்து மூச்சை விட்டுவிட முடியாது. கைக்குழந்தைக்குப் பின்மண்டை பெரிது, படுக்கவைத்தாலே தலை முன்னால் மடியும். அதற்கு நேர்நிலை போதும். துண்டு வேண்டுமானால் தோளுக்கு அடியில்.

நம் ஓட்டுநருக்கு இப்போது சர்க்கரை பார்க்கலாம்: 38. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி போகிறது. சில நிமிடங்களில் அவர் முகம் சுளித்து, மோவாயைப் பிடித்திருக்கும் கையைத் தட்டிவிடுகிறார். தசை தன் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. அதுவரை அந்த வேலை நம் விரல்களுடையது. விரலை எடுத்த நொடி நாக்கு மறுபடி சரியும். இரண்டு பேர் மட்டுமே போகும் வண்டியில் இது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். அதனால் ஒரு வேண்டுகோள்: நரம்பு தேடக் கையை எடுக்கும் முன், “தாடையை யார் பிடிக்கிறீங்க?” என்று உரக்கக் கேளுங்கள். பதில் வந்த பிறகு எடுங்கள்.