உப்புக்காற்றின் மேல் ஏன் பழி?

தலவிலயில் கேம் கொன்ட்ரோலரின் குச்சி தானாக நகரத் தொடங்கினால், எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கடல் காத்து உப்பு ஏறிட்டு. ஸ்பிரே அடிச்சு, கலிபிரேட் பண்ணினாச் சரி." என் மருமகனும் தன் டூயல்ஷாக் 4 கொன்ட்ரோலரோடு இதையே சொல்லிக்கொண்டு வந்தான். இந்தப் பேச்சில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன; மூன்றும் அரைகுறை.

முதலாவது, உப்புதான் காரணம் என்பது. குச்சிக்கு அடியில் இரண்டு சிறு மின்தடை உணரிகள் உள்ளன. ஒன்று இடம்-வலம், மற்றது மேல்-கீழ். ஒவ்வொன்றிலும் கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசி நகர்கிறது. உரசும் பொருள் தேயும். குளிரூட்டிய கொழும்பு அறையிலும் இது நடக்கிறது. உப்பும் மணலும் தேய்மானத்தை விரைவுபடுத்தலாம். ஆனால் அவை இல்லாவிட்டாலும் தடம் தேயத்தான் செய்யும்.

இரண்டாவது, ஸ்பிரே தீர்க்கும் என்பது. தடத்தில் தூசியோ கரித்தூளோ படிந்திருந்தால் தீர்க்கும். பற்றரி இணைப்பைக் கழற்றி, 99% ஐசோப்ரொப்பைல் அற்ககோலில் இரண்டொரு துளி விட்டு, குச்சியைச் சுழற்றி, நன்றாக உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பசை விடும் ஸ்பிரே கூடாது. அதில் தூசி மீண்டும் ஒட்டும். மருமகனுடையது சுத்தம் செய்தபின் இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி ஆனது. அழுக்கு மட்டும் காரணமென்றால் அவ்வளவு சீக்கிரம் திரும்பியிராது.

மூன்றாவது, கலிபிரேட் செய்தால் போதும் என்பது. மீன் வாடித் தராசின் முள் எப்போதும் 100 கிராமில் நின்றால், அதைப் பூச்சியத்துக்குத் திருப்பலாம். ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் நின்றால் எதற்குத் திருப்புவது? கணினியில் இணைத்து `hardwaretester.com/gamepad` பக்கத்தில் பார்த்தோம். குச்சியை வலப்பக்கம் தள்ளி விட்டால் `Axis 0` 0.15இல் நின்றது, இடப்பக்கம் தள்ளி விட்டால் 0.02இல். நிலையான நடுவே இல்லை. விண்டோஸில் `joy.cpl` வழியாகச் செய்யும் கலிபிரேஷனும் அந்தக் கணினியோடு நின்றுவிடும். பிளேஸ்டேஷனுக்கு அது தெரியாது.

உணரியின் மூடியைத் திறந்தோம். தடத்தின் நடுவில், நாக்கு ஓய்வெடுக்கும் இடத்தில், மெல்லிய பளபளப்பான கீறல். போன கரியை எந்தத் திரவமும் திருப்பித் தராது. குச்சித் தொகுதியின் 14 கால்களின் ஈயத்தையும் உருக்கி உறிஞ்சி, முழுத் தொகுதியையும் மாற்றினேன். ஒரு கால் விடுபடாதபோது இழுத்தால், பலகையின் செப்புத் தடமே உரிந்துவிடும். புதிய தொகுதியின் நடு சற்று விலகி, ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் நின்றது. கலிபிரேஷன் உதவுவது அங்கேதான்: `dualshock-tools.github.io` வழியாகக் கொன்ட்ரோலருக்குள்ளேயே புதிய நடுவைப் பதித்தோம்.

ஆகவே ஸ்பிரேயைத் தேடுமுன் குச்சியை நாலு பக்கமும் தள்ளி விட்டு, எண் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். ஒரே இடமென்றால் கலிபிரேஷன். துள்ளினால் முதலில் சுத்தம். சுத்தம் செய்தும் இடம் மாறிக்கொண்டிருந்தால் புதிய தொகுதி.