தவணையும் துணிவும்

சென்ற வாரம் மாலைப்பொழுதில் எம் அயலவர் ஒருவர் விறாந்தையில் வந்தமர்ந்தார். கூட்டுறவுச் சங்கமொன்றிலே நெடுங்காலம் கணக்கெழுதி இளைப்பாறியவர். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து அவருக்கு 20 இலட்சம் ரூபா கிடைத்திருந்தது. அதில் 12 இலட்சத்தைக் கொழும்புப் பங்குச் சந்தையில் இடவேண்டுமென்று அவருடைய மகன் கூறுகின்றானாம்.

"மாஸ்டர், முழுவதையும் ஒரேயடியாகப் போடுவதோ, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதோ? சந்தை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றது. நினைத்தால் நித்திரை வருகுதில்லை" என்றார்.

கோப்பாயில் ஓய்வூதியப் பணத்தோடு இருக்கும் பலருக்கும் உரிய கேள்வி இது. ஆதலின் அவருக்கு நாம் கூறியதை வாசகர்க்கும் கூறுவோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் ஓர் இளைஞன் மாதந்தோறும் ஒரு தொகையைப் பங்குகளில் இடுவானாயின், அவன் பணம் வந்த உடனேயே இடுகின்றான். அவனிடம் காத்திருக்கும் பணம் இல்லை. இங்கே நாம் ஆராய்வதோ, பணம் முழுவதும் கையில் இருக்க, அதில் ஒரு பகுதியை வேண்டுமென்றே நிறுத்திவைத்து இடுவதைப் பற்றியாகும்.

இனி, நம் நாட்டிலே நடந்ததையே எடுத்துக்கொள்வோம். கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020 ஆம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 6,774 ஆகவும், 2021 முடிவில் 12,226 ஆகவும், 2022 முடிவில் 8,490 ஆகவும், 2023 முடிவில் 10,654 ஆகவும், 2024 முடிவில் 15,945 ஆகவும் நின்றது. பங்கிலாபத்தையும் செலவுகளையும் விடுத்து, சுட்டெண் போன வழியே பணமும் போனதாகக் கொண்டு கணக்கிடுவோம்.

இருவர் 2021 ஆம் ஆண்டு முடிவில் ஆளுக்கு 12 இலட்சத்தோடு வந்தனர் என்க. ஒருவர் முழுவதையும் அன்றே இட்டார். மற்றவர் 2021, 2022, 2023 முடிவுகளில் நான்கு நான்கு இலட்சமாக இட்டார். 2024 முடிவிலே முன்னவரிடம் ஏறத்தாழ 15 இலட்சத்து 65 ஆயிரமும், பின்னவரிடம் 18 இலட்சத்து 70 ஆயிரமும் இருந்திருக்கும். வீழ்ச்சியின்போது மலிவாக வாங்கிய இரண்டாம் தவணையே பின்னவரை உயர்த்தியது. காத்திருந்த பணத்துக்கு வங்கி தந்த வட்டியும் அவருக்கு மேலதிகம்.

ஆகவே தவணையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அதே இருவரையும் ஓராண்டு முன்பாக, 2020 முடிவிலே கொண்டுவந்து நிறுத்துங்கள். அன்றே முழுவதையும் இட்டவரிடம் 2024 முடிவில் ஏறத்தாழ 28 இலட்சத்து 25 ஆயிரம் இருந்திருக்கும். 2020, 2021, 2022 முடிவுகளில் மூன்று தவணையாக இட்டவரிடமோ 22 இலட்சத்துச் சொச்சமே. காத்திருந்த காலத்தில் சந்தை ஏறிவிட்டதனால், அவருடைய இரண்டாம் தவணை ஏறக்குறைய இருமடங்கு விலையில் வாங்கியது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? பின்வரும் விலைகள் இன்றைய விலையினும் தாழ்ந்தால் தவணை வெல்லும். உயர்ந்தால் மொத்தம் வெல்லும். எது நிகழும் என்பதை முன்னரே அறிந்தவர் எவருமிலர். சந்தைகள் நீண்ட காலத்தில் இறங்கிய காலத்தினும் ஏறிய காலமே மிகுதி என்பதனால், மொத்தமாக இடுவதே பெரும்பாலும் வெல்லும். 2012 இல் அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனம் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் பழைய கணக்குகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேளைகளில் மொத்தமே முந்தியது கண்டது.

அங்ஙனமாயின் தவணையினால் பயன் யாது? மனித மனத்தை நோக்கினால் அது விளங்கும். 2021 முடிவில் 12 இலட்சத்தையும் இட்டவரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 2022 ஏப்பிரல் 12 ஆந் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அடுத்த வாரம் பங்குச் சந்தை முழுவாரமும் மூடப்பட்டது. விற்க நினைத்தவரும் விற்க இயலவில்லை. ஆண்டு முடிவில் அவருடைய 12 இலட்சம் 8 இலட்சத்து 33 ஆயிரமாகக் குறுகி நின்றது. பண்டங்களின் விலையோ அவ்வாண்டு செப்டெம்பரில் முன்னைய ஆண்டினும் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. அந்நிலையிலே அஞ்சி விற்றவருக்கு நட்டம் நிலைத்துவிட்டது. பின்னர் சுட்டெண் 15,945 க்கு ஏறியது அவருக்குப் பயன்படவில்லை. தவணைக்காரரிடமோ அதே நாளில் முதல் நான்கு இலட்சம் 2 இலட்சத்து 78 ஆயிரமாகியிருப்பினும், எஞ்சிய எட்டு இலட்சம் குறையாதிருந்தது. பத்தில் மூன்று பங்கு இழப்பதற்கும் பத்தில் ஒரு பங்கு இழப்பதற்கும் உள்ள வேறுபாடு, அஞ்சி விற்பவரைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. ஆகவே தவணையை அச்சத்துக்குச் செலுத்தும் ஒரு காப்புறுதிக் கட்டணம் எனலாம்.

ஆனால் இக்காப்புறுதியிலும் இரண்டு ஓட்டைகள் உள. முதலாவது, தவணை பயன்தரும் நாளே அச்சம் மிகுந்த நாளாகவும் இருக்கும். 2022 முடிவில் பத்திரிகைகளைப் படித்துவிட்டு இரண்டாவது நான்கு இலட்சத்தை எடுத்துக் கொடுக்க எத்தனை பேருக்குக் கை எழுந்திருக்கும்? "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நிறுத்தியவர், உயர்ந்த விலையில் வாங்கி, தாழ்ந்த விலையில் வாங்காது விட்டவராவார். இரண்டாவது, கடைசித் தவணை இட்ட மறுநாள் முழுத் தொகையும் சந்தையில்தான் இருக்கும். அன்று தொடங்கும் வீழ்ச்சிக்குத் தவணைக்காரரும் மொத்தக்காரரும் ஒன்றே.

ஆதலின் எம் அயலவரிடம் நாம் முதலிற் கேட்டது தவணையைப் பற்றியன்று. "அண்ணை, 12 இலட்சம் ஒருநாள் 8 இலட்சமாகக் குறைந்தால் விற்காமல் இருப்பீர்களோ?" என்று கேட்டோம்.

சிறிது நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கமாட்டேன் மாஸ்டர். ஆறு நாலானால் பொறுப்பேன்" என்றார்.

அதுவே விடை. அவருக்கு 12 இலட்சம் மிகை. 6 இலட்சமே அளவு. மொத்தமா, தவணையா என்பது அதற்குப் பின் எழும் சிறிய கேள்வி. அளவு மிஞ்சியிருப்பின் எத்தனை தவணையாகப் பிரித்தாலும் நித்திரை வராது. ஆறு நாலினும் குறையலாம் என்பதையும் அவருக்கு மறைக்கவில்லை. 2022 சனவரி உச்சத்திலிருந்து சுட்டெண் சில மாதங்களில் ஏறத்தாழப் பாதியாயிற்று. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணம் எதுவும் அந்த ஆறில் சேரக்கூடாது என்றோம்.

அந்த ஆறையும் நான்காகப் பிரித்தோம். ஒன்றரை இலட்சம் இப்போதே பல நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் ஓர் அலகு நம்பிக்கை நிதியத்துக்கு. எஞ்சிய மூன்று பகுதிகளும் மூன்று மாத, ஆறு மாத, பன்னிரண்டு மாத நிலையான வைப்புகளில். வைப்பு முதிரும் நாளே தவணை நாள். முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்க வேண்டாமென்று வங்கிக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாளை தீர்மானிப்போம் என்று விட்டால் அச்சம் தீர்மானித்துவிடும். ஓராண்டுக்கு மேல் இழுப்பதும் தகாது. இழுக்க இழுக்க, ஏறும் சந்தையைத் தவறவிடும் செலவே பெருகும்.

அயலவர் நாட்காட்டியை வாங்கி மூன்று நாள்களுக்கும் தாமே வட்டமிட்டார். அருகே தம் கையெழுத்தையும் போட்டார். "அன்றைக்கு நான் வேண்டாமென்று சொன்னால், இதைக் காட்டுங்கோ மாஸ்டர்" என்று சொல்லி எழுந்து போனார். எழுத்து நம்மிடம் இருக்கின்றது.